இயந்திரத்தின் கிரயம் விலைப்பட்டியலோடு முடிவதில்லை

எமது வர்த்தகர்கள் ஓர் இயந்திரத்தை வாங்கும்போது விலையைப் பேசுவதில் காட்டும் கெட்டித்தனத்தை, அதைக் கணக்கில் பதியும்போது காட்டுவதில்லை. கொழும்பு முகவரிடம் இரண்டு இலட்சம் ரூபா குறைப்பதற்கு மூன்று முறை பஸ் ஏறிச் செல்பவர், அந்த இயந்திரம் புத்தகத்தில் என்ன தொகைக்கு இருக்கின்றது என்று கேட்டால், "அது கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும்" என்று கூறிவிடுகின்றார். கணக்குப்பிள்ளையோ காசு எந்த வழியால் போனதோ அந்த வழியைப் பார்த்துப் பதிவை எழுதிவிடுகின்றார். இயந்திரத்துக்கு வங்கிக் கடனும் எடுத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகின்றது.

அண்மையில் அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்குகளைப் பார்க்கக் கிடைத்தது. சகோதரர்கள் இருவர் சம பங்கில் நடத்தும் ஆலை. தம்பி பங்கைப் பிரித்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போக விரும்பினார். 2025 மார்ச் 31ஆம் திகதிய ஐந்தொகையை வைத்துப் பங்கைக் கணிப்பதென இருவரும் இணங்கியிருந்தார்கள். இருவருக்குமிடையில் மனக்கசப்பு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தொகை பிழையாக இருந்தது. பிழை முழுவதும் ஒரேயொரு இயந்திரத்திலேயே இருந்தது.

அது அரிசியில் கறுப்பு மணி, மஞ்சள் மணி, கல் ஆகியவற்றைக் கமெராவால் கண்டு காற்றால் தட்டிவிடும் கலர் சோட்டர். இன்று சந்தையில் நல்ல விலைக்கு அரிசி விற்க வேண்டுமாயின் இது இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிட்டது. 2024 செப்டெம்பரில் வாங்கினார்கள். கேட்ட விலை 60 இலட்சம். இரண்டு இலட்சம் கழிவு கிடைத்து 58 இலட்சமானது. அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி 10 இலட்சத்து 44 ஆயிரம். ஆக, முகவரின் விலைப்பட்டியல் 68 இலட்சத்து 44 ஆயிரம் ரூபா.

வங்கி 48 இலட்சம் ரூபா கடன் கொடுத்தது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, குறைந்துசெல்லும் மீதியின்மேல். 60 மாதத் தவணை. மாதாந்தம் முதல் 80 ஆயிரமும் அத்துடன் வட்டியும். வழமைபோல வங்கி அந்தக் காசை ஆலைக்காரரின் கையில் கொடுக்கவில்லை, நேரடியாக முகவருக்கே அனுப்பியது. மிகுதி 20 இலட்சத்து 44 ஆயிரத்தை ஆலை தனது நடைமுறைக் கணக்கிலிருந்து காசோலையாகக் கொடுத்தது.

இங்கேதான் முதலாவது தவறு நடந்தது. கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தது ஒரு காசோலை அடிக்கட்டை மாத்திரமே. ஆகவே இயந்திரக் கணக்கில் 20 இலட்சத்து 44 ஆயிரம் என்று எழுதினார். வங்கி கொடுத்த 48 இலட்சம் அவருடைய காசேட்டைத் தொடவேயில்லை. ஆகவே அது எந்தப் பேரேட்டிலும் வரவில்லை. இயந்திரமும் குறைந்தது, கடனும் காணாமற்போனது. இரண்டு பக்கமும் ஒரே தொகையால் குறைந்ததால் பரீட்சை மீதி அழகாகச் சமப்பட்டது. சமப்பட்டதால் எவரும் சந்தேகப்படவில்லை.

பின்னர் மாதாமாதம் வங்கி தவணையைக் கழிக்கத் தொடங்கியபோது, அந்தக் காசுக்கு ஏதாவதொரு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. "வங்கிக் கடன் செலவு" என்றொரு கணக்கைத் திறந்து முதலையும் வட்டியையும் ஒன்றாக அதில் போட்டு, ஆண்டு முடிவில் இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோனார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது செலவாகாது. வட்டி மாத்திரமே செலவு. ஆயினும் இந்தத் தவறை நான் பார்த்த கணக்குகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் காணக்கூடியதாக இருந்திருக்கின்றது.

சரியான பதிவு மிகவும் எளிமையானது. இயந்திரக் கணக்குக்கு வரவு 68 இலட்சத்து 44 ஆயிரம். வங்கிக் கடன் கணக்குக்குச் செலவு 48 இலட்சம். வங்கி நடைமுறைக் கணக்குக்குச் செலவு 20 இலட்சத்து 44 ஆயிரம். காசை யார் கொடுத்தார் என்பது இயந்திரத்தின் கிரயத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. முழுவதும் கடனில் வாங்கினாலும் முழுவதும் கைக்காசில் வாங்கினாலும் இயந்திரத்தின் கிரயம் ஒன்றேதான்.

இனி, இயந்திரம் ஆலை வாசலுக்கு வந்த பிறகு நடந்தவற்றைப் பார்ப்போம். கலர் சோட்டரை லொறியிலிருந்து இறக்கியவுடன் அரிசி சுத்தமாகிவிடாது. கொழும்பிலிருந்து லொறிக் கூலியும், இறக்குவதற்கு கிரேன் வாடகையும் 1 இலட்சத்து 26 ஆயிரம். இயந்திரம் அதிராமல் நிற்க கொங்கிறீட் மேடையும் இரும்புத் தாங்கியும் 3 இலட்சத்து 40 ஆயிரம். தனியான மின் இணைப்பு, பலகை, மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி 2 இலட்சத்து 10 ஆயிரம். தொழில்நுட்பவியலாளர் வந்து பொருத்தி, எமது அரிசி வகைக்கேற்ப கமெராவைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்ததற்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 8 இலட்சத்து 56 ஆயிரம் ரூபா. இவையனைத்தையும் "திருத்த வேலைச் செலவு" என்ற கணக்கில் எழுதி அந்த வருடத்து இலாபத்திலிருந்தே கழித்துவிட்டார்கள்.

எனது அபிப்பிராயத்தில் இது தெரியாமல் நடக்கும் தவறு மாத்திரமல்ல. "செலவில் போட்டால் இந்த வருடம் வரி குறையும்" என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் இருக்கின்றது. ஆனால் கணக்கீட்டு நியமம் இந்த விடயத்தில் தெளிவாக உள்ளது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 ஆக இருந்தாலும் சரி, சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சிகளுக்கான நியமமாக இருந்தாலும் சரி, ஒரு சொத்தை அது வேலை செய்ய வேண்டிய இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர நேரடியாக ஏற்படும் செலவுகள் அதன் கிரயத்தில் சேர வேண்டும் என்கின்றன. மேடையின்றி இந்த இயந்திரம் ஓடுமா? ஓடாது. அப்படியாயின் மேடையும் இயந்திரத்தின் கிரயமே. ஆலையின் சொந்த வேலையாட்கள் ஐந்து நாள் அந்த மேடையில் மாத்திரம் வேலை செய்திருந்தால் அந்த ஐந்து நாள் சம்பளமும் கிரயமாகும். முதலாளி அந்த நாட்களில் மேற்பார்வை செய்தார் என்று அலுவலகச் செலவில் ஒரு பங்கைச் சேர்ப்பது கூடாது.

பெறுமதி சேர் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆலை அவ்வரிக்குப் பதிவு செய்யப்படாதது. கொடுத்த 10 இலட்சத்து 44 ஆயிரம் திரும்பி வராது, ஆகவே அது கிரயத்தில் சேர்ந்தது. நீங்கள் பதிவு செய்தவராக இருந்து அந்த உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள உரிமையுள்ளவராயின் அது உங்கள் இயந்திரத்தின் கிரயமல்ல, இறைவரித் திணைக்களத்திடமிருந்து உங்களுக்கு வரவேண்டியது. இரண்டு பக்கமும் அனுபவிக்க முடியாது.

காற்றமுக்கி, அதாவது கொம்பிரசர், பற்றியும் கூற வேண்டும். காற்றை உலர்த்தும் கருவியுடன் 7 இலட்சம் ரூபாவுக்கு வேறொரு கடையில் வாங்கியிருந்தார்கள். அதையும் "ஆலைச் செலவு" என்று எழுதியிருந்தார்கள். காற்று இல்லாமல் சோட்டர் கறுப்பு மணியைத் தட்டாது என்பதால் இதுவும் மூலதனச் செலவே. ஆயினும் இதைச் சோட்டரோடு ஒன்றாகச் சேர்த்து எழுதாமல் தனி வரியாக எழுதுமாறு கூறினேன். காரணம், சோட்டர் பத்து வருடம் ஓடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். தூசி நிறைந்த ஆலையில் இரவு பகலாக ஓடும் கொம்பிரசருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் எவரும் உத்தரவாதம் தரவில்லை. ஆயுள் வேறான பகுதியை வேறாக வைத்தால் ஐந்தாம் வருடம் அதைக் கழற்றிப் புதியது போடும்போது பழையதைப் புத்தகத்திலிருந்து நீக்குவது சுலபம். ஒன்றாகச் சேர்த்துவிட்டால், இல்லாத கொம்பிரசருக்கு இன்னும் ஐந்து வருடம் பெறுமானத் தேய்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஆக, சோட்டரின் கிரயம் விலைப்பட்டியல் 68 இலட்சத்து 44 ஆயிரமும் பொருத்தும் செலவு 8 இலட்சத்து 56 ஆயிரமும் சேர்ந்து 77 இலட்சம். கொம்பிரசர் 7 இலட்சம். மொத்தம் 84 இலட்சம். இதில் 48 இலட்சம் வங்கியின் காசு, 36 இலட்சம் சகோதரர்களின் காசு.

இதைக் கேட்டதும் மூத்தவர், "அப்படியென்றால் மற்றச் செலவையும் சேர்த்துவிடலாமே தம்பி, எல்லாம் இந்த மெஷினுக்காகத்தானே போனது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "மெஷினுக்காகப் போனதெல்லாம் மெஷின் ஆகாது ஹாஜியார்" என்றேன். இயக்குபவருக்குப் பயிற்சி கொடுக்க 80 ஆயிரம் போயிருந்தது. பயிற்சி ஆளோடு போய்விடும், நாளை அவர் பக்கத்து ஆலைக்கு மாறினால் எம்மால் தடுக்க முடியாது. ஆகவே அது அந்த வருடச் செலவு. திறப்பு விழாவுக்கும் சாப்பாட்டுக்கும் 95 ஆயிரம். அதுவும் செலவு. இறக்கும்போது கயிறு நழுவி அரிசி விழும் தொட்டி நசுங்கி, அதைத் திருத்த 70 ஆயிரம். இது சரியாகச் செய்திருந்தால் ஏற்பட்டிருக்காத செலவு. இயந்திரத்தின் பெறுமதியை அது கூட்டவில்லை, ஆகவே செலவிலேயே போக வேண்டும். வங்கி கேட்டதற்காக எடுத்த ஒரு வருடக் காப்புறுதி 55 ஆயிரமும் அப்படியே. அதில் ஆண்டு முடிவுக்கு அப்பாற்பட்ட பகுதியை முற்கொடுப்பனவாக வைத்தால் போதும்.

சோதனை ஓட்டத்தில் வெளிவந்த அரிசியை விற்ற காசை முன்னர் சிலர் இயந்திரக் கிரயத்திலிருந்து கழிப்பார்கள். நியமம் 16இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 2022 முதல் அவ்வாறு கழிக்க முடியாது. அந்த அரிசி சாதாரண விற்பனையே, அதன் கிரயமும் விற்பனைக் கிரயமே.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடம், வட்டி. செப்டெம்பர் முதலாம் திகதி வங்கி கடனை விடுவித்தது. இயந்திரம் ஓடத் தயாரானது ஒக்டோபர் முதலாம் திகதி. இடையில் ஒரு மாதம், 48 ஆயிரம் ரூபா வட்டி. "இயந்திரம் ஒரு சதம் உழைக்காத மாதத்தின் வட்டியைக் கிரயத்தில் சேர்க்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். சில கணக்காளர்களும் சேர்த்துவிடுகின்றார்கள், சிலர் ஐந்து வருட வட்டி முழுவதையும் சேர்க்கின்றார்கள். பின்னையது எந்த நியாயத்திலும் அடங்காது.

கடன் செலவு பற்றிய நியமம் 23, பயன்படுத்தத் தயாராவதற்குக் கணிசமான காலம் எடுக்கும் சொத்துக்கு மாத்திரமே வட்டியைக் கிரயத்தில் சேர்க்கச் சொல்கின்றது. அதுவும் சொத்து தயாராகும் நாள் வரை மாத்திரம். வெறும் நிலத்தில் புதிய ஆலையொன்றைக் கட்டியெழுப்ப ஒன்றரை வருடம் எடுத்தால், அந்தக் காலத்து வட்டி கட்டடத்தோடு சேரும். கடையில் தயாராக இருந்த இயந்திரத்தை மூன்று, நான்கு வாரத்தில் பொருத்துவது அவ்வகையைச் சேராது. சிறிய, நடுத்தரத் தொழில்முயற்சிகளுக்கான நியமமோ இன்னும் இலகுவானது. எந்தச் சொத்தாக இருந்தாலும் வட்டி முழுவதும் செலவுதான். எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டாவது நியமமே பொருந்தும். ஆகவே வட்டியைப் பற்றி விவாதிக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை.

ஈட்டுப் பத்திரம் எழுதுவதற்கும் சட்டத்தரணிக்கும் கொடுத்த 90 ஆயிரம் கடனைப் பெறுவதற்கான செலவு, இயந்திரத்தைப் பெறுவதற்கானதல்ல. இதை இயந்திரத்தில் சேர்க்காமல் கடன் காலத்தில் பரப்பி வட்டியோடு சேர்த்து எழுதுவது முறை.

வட்டிக் கடனைத் தவிர்த்து முராபஹா முறையில் வாங்கும் எமது வாசகர்களுக்கும் இதே தத்துவம் பொருந்தும். நிதி நிறுவனம் 68 இலட்சத்துக்கு வாங்கி உங்களுக்கு 90 இலட்சத்துக்குத் தவணையில் விற்றால், இயந்திரத்தின் கிரயம் 90 இலட்சமல்ல. அன்றைய உடன்காசு விலையே கிரயம். கொடுப்பனவு வழமையான கடன் காலத்துக்கு அப்பால் பிற்போடப்படும்போது, மேலதிகத் தொகையைக் காலத்துக்கு ஏற்பப் பரப்ப வேண்டும் என்றே நியமம் கூறுகின்றது. மார்க்க ரீதியில் அதற்கு என்ன பெயர் என்பது வேறு விடயம். இயந்திரத்தின் பெறுமதி, அதைத் தவணைக்கு வாங்கியதால் உயர்ந்துவிடாது என்பதே கணக்கீட்டு விடயம். இஜாரா வேறு வகை. அது குத்தகை, அதற்கென்று தனி நியமம் உண்டு.

மீண்டும் சகோதரர்களின் ஆலைக்கு வருவோம். தயாரான நாளிலிருந்தே பெறுமானத் தேய்வு தொடங்கும். வாங்கிய நாளுமல்ல, முதல் மூட்டை போட்ட நாளுமல்ல. ஒக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம். சோட்டருக்கு வருடம் 7 இலட்சத்து 70 ஆயிரத்தில் பாதி 3 இலட்சத்து 85 ஆயிரம். கொம்பிரசருக்கு வருடம் 1 இலட்சத்து 40 ஆயிரத்தில் பாதி 70 ஆயிரம். ஆக 4 இலட்சத்து 55 ஆயிரம். செப்டெம்பர் முதல் மார்ச் வரை ஏழு தவணையில் வட்டி 3 இலட்சத்து 19 ஆயிரத்து 200. இரண்டும் சேர்ந்து அந்த வருட இலாபத்திலிருந்து கழிய வேண்டியது 7 இலட்சத்து 74 ஆயிரத்து 200 ரூபா.

கணக்குப்பிள்ளை கழித்திருந்ததோ 25 இலட்சத்து 37 ஆயிரத்து 400. பொருத்தும் செலவு 8 இலட்சத்து 56 ஆயிரம், கொம்பிரசர் 7 இலட்சம், முதலும் வட்டியுமாக ஏழு தவணை 8 இலட்சத்து 79 ஆயிரத்து 200, அத்துடன் 20 இலட்சத்து 44 ஆயிரத்தின்மேல் ஆறு மாதத் தேய்வு 1 இலட்சத்து 2 ஆயிரத்து 200. இலாபம் 17 இலட்சத்து 63 ஆயிரத்து 200 ரூபாவால் குறைத்துக் காட்டப்பட்டிருந்தது.

ஐந்தொகையில் பார்த்தாலும் இதே தொகைதான் வரும். சரியான கணக்கில் இயந்திரங்கள் 79 இலட்சத்து 45 ஆயிரம், கடன் மீதி 42 இலட்சத்து 40 ஆயிரம், தேறியது 37 இலட்சத்து 5 ஆயிரம். அவர்களது கணக்கில் இயந்திரம் 19 இலட்சத்து 41 ஆயிரத்து 800, கடன் எதுவுமில்லை. வித்தியாசம் அதே 17 இலட்சத்து 63 ஆயிரத்து 200. பிரிந்துபோகும் தம்பியின் பங்கில் இதன் பாதி, 8 இலட்சத்து 81 ஆயிரத்து 600 ரூபா குறைந்திருந்தது. இயந்திரத்தைத் தொடர்ந்து வைத்திருக்கப் போகின்றவர் மூத்தவர். எவரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒருவரின் உரிமை மற்றவரிடம் போய்ச் சேர இருந்தது. கடன் மீதியே கணக்கில் இல்லாத ஐந்தொகையை வங்கியிடம் கொடுத்திருந்தால், அதே வங்கி தான் கொடுத்த கடனைக் காணாமல் என்ன நினைத்திருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வரியைப் பற்றிய பயத்துக்கும் பதில் கூற வேண்டும். மூலதனச் செலவை வருமானச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. கடன் முதலையும் கழிக்க முடியாது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, கணக்கில் எழுதிய தேய்வைத் திருப்பிச் சேர்த்துவிட்டு அதற்குப் பதிலாக மூலதனப் படியைக் கழிக்கலாம். உற்பத்தியில் பயன்படும் இயந்திரத்துக்கு அது ஐந்து வருடத்தில் சம பங்குகளாகக் கிடைக்கும். உழைப்புக்காகப் பயன்படும் சொத்தை வாங்கிய கடனின் வட்டியும் கழிக்கக்கூடியது. அதாவது, மேடைக்குக் கொடுத்த 3 இலட்சத்து 40 ஆயிரத்தை இயந்திரத்தோடு சேர்த்தால் அது வீணாகப் போவதில்லை, ஐந்து வருடத்தில் திரும்ப வருகின்றது. அதே தொகையைத் திருத்த வேலை என்று எழுதி, அதிகாரி வந்து நிராகரித்தால், வரியோடு தண்டமும் சேர்ந்து வரும். திருத்த வேலைக் கணக்கு ஒரு வருடம் திடீரென்று நான்கு மடங்காகினால் அவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பேரேட்டைத்தான்.

உங்களது புத்தகத்தில் இந்தத் தவறு இருக்கின்றதா என்று அறிய கணக்காளரை அழைக்க வேண்டியதில்லை. மார்ச் 31ஆம் திகதிக்கு வங்கியிடமிருந்து கடன் மீதிக் கடிதமொன்றைப் பெற்று, ஐந்தொகையில் உள்ள கடனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு முகவரின் விலைப்பட்டியலை இயந்திரக் கணக்கோடு ஒப்பிடுங்கள். இயந்திரக் கணக்கு விலைப்பட்டியலைவிடக் குறைவாக இருந்தாலோ, ஒரு சதம்கூட வித்தியாசமில்லாமல் சரியாக அதே தொகையாக இருந்தாலோ, லொறிக் கூலியும் மேசன் பாஸின் காசும் வேறெங்கோ போயிருக்கின்றன என்று அர்த்தம்.

மேசன் பாஸ் பற்றுச்சீட்டுத் தருவதில்லை என்பது உண்மைதான். ஒரு வவுச்சர் எழுதி, என்ன வேலை, எத்தனை நாள் என்று குறித்து, அடையாள அட்டை இலக்கத்துடன் அவரது கையொப்பத்தை வாங்கி இயந்திரத்தின் கோவையில் போட்டு வையுங்கள். அதே கோவையில் வங்கி முகவருக்குக் காசு அனுப்பிய அறிவித்தலும், இயந்திரம் ஓடத் தயாரானது என்று தொழில்நுட்பவியலாளர் திகதியிட்டு எழுதிய கடிதமும் இருக்கட்டும். சகோதரர்களின் ஆலையில் அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. ஒக்டோபர் முதலாம் திகதி என்பதை முகவரின் வேலைச்சீட்டில் இருந்துதான் கண்டுபிடித்தோம்.